கிளையன்ட்டின் முடிவுகளை ஷீட்டில் எழுதி, புதிய சாட்டில் ஒட்டுவது எப்படி

ஒரு கிளையன்ட்டுக்கு ஆறு மாதமாக எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். அவருக்கு எந்தச் சொல் பிடிக்காது, எந்த வாக்கியத்தை எப்போது அடித்தார், ஏன் அடித்தார் என்பதெல்லாம் உங்களுக்கு அத்துப்படி. ஏஐ கருவியில் புதிய சாட் ஒன்றைத் திறந்த உடனே அந்த ஆறு மாதமும் காணாமல் போய்விடுகிறது. போன வாரம் நீங்கள் மாற்றச் சொன்ன அதே சொல் இன்றைய வரைவில் திரும்ப வந்து உட்கார்ந்திருக்கும். அதை மறுபடி மாற்றுகிறீர்கள். அடுத்த வாரமும் இதே கதைதான்.

இதற்குப் பல ஃப்ரீலான்சர்கள் கண்டுகொண்ட வழி ஒரு ஸ்ப்ரெட்ஷீட். கிளையன்ட்டின் விருப்பங்கள், நடை, முன்பு எடுத்த முடிவுகள் எல்லாவற்றையும் அதில் எழுதி வைத்து, ஒவ்வொரு புதிய சாட்டின் தொடக்கத்திலும் அந்தக் கிளையன்ட்டுக்கு உரியதை ஒட்டிவிடுவது. நானும் இப்படித்தான் வேலை செய்கிறேன். முதலில் நான் போட்ட ஷீட் ஏறக்குறைய பயனற்றதாக இருந்தது. அது ஏன் பயன்படவில்லை என்பதிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் புதிதாகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் அதே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள்.

முதல் படி: பெயரடைகளை விட்டுவிடுங்கள்

என் முதல் ஷீட்டில் "நடை" என்று ஒரு நெடுவரிசை இருந்தது. அதில் "நட்பாக, தெளிவாக, நம்பிக்கை தரும்படி" என்று எழுதியிருந்தேன். இன்னொரு கிளையன்ட்டுக்கு "எளிமையாக, அன்பாக, தொழில்முறையாக". இரண்டையும் ஒட்டிப் பார்த்தால் வருகிற வரைவுகளில் வித்தியாசமே தெரியாது. காரணம் எளிது. "நட்பாக" என்றால் ஒருவருக்கு "வாங்க, பேசலாம்" என்று தொடங்குவது. இன்னொருவருக்கு ஆச்சரியக்குறி இல்லாமல் மரியாதையாகப் பேசுவது. அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு ஒரு வாக்கியம் சரியா தவறா என்று உங்களாலேயே தீர்மானிக்க முடியாது. கருவியாலும் முடியாது.

ஷீட்டில் ஏறுகிற ஒவ்வொரு வரிக்கும் நான் வைக்கிற சோதனை இதுதான்: இந்த வரியைக் கையில் வைத்துக்கொண்டு, முன்பின் தெரியாத ஒருவர் ஒரு வரைவைப் படித்து "இது மீறியிருக்கிறது", "இது மீறவில்லை" என்று சொல்ல முடியுமா? முடிந்தால் வரி நிற்கலாம். "நட்பாக" இந்தச் சோதனையில் தேறாது. "ஆச்சரியக்குறி எங்கேயும் வேண்டாம்; வாசகரை 'நீங்கள்' என்று அழைக்கவும்; ஒரு பத்தியில் நான்கு வாக்கியத்துக்கு மேல் போக வேண்டாம்" என்பது தேறும்.

இப்படிச் சல்லடை போட்டால் விருப்பங்கள் என்று நாம் நினைத்துக்கொண்டிருந்ததில் பாதி உதிர்ந்துவிடும். மிஞ்சுவது பெரும்பாலும் கிளையன்ட் உண்மையாகவே எடுத்த முடிவுகள்தான். அவைதான் ஷீட்டின் உயிர்.

இரண்டாம் படி: முடிவுக்கு ஆறு கட்டங்கள்

ஒரு முடிவு, ஒரு வரிசை. நெடுவரிசைகள் ஆறு போதும்: கிளையன்ட் குறியீடு, தேதி, முடிவு, காரணம், எல்லை, நிலை. ஷீட்டின் பெயரை "முடிவுகள்" என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கிளையன்ட்டின் உண்மைப் பெயரை இங்கே எழுதாதீர்கள். "க-07" போல ஒரு குறியீடு வைத்துக்கொண்டு, எந்தக் குறியீடு யாருடையது என்பதைத் தனியாக வேறொரு ஃபைலில் வையுங்கள். இந்த ஷீட்டில் இருப்பதெல்லாம் இன்னொரு நிறுவனத்தின் சர்வருக்குப் போகப்போகிறது. கட்டணம், தொலைபேசி எண், வெளிவராத திட்டங்கள் எதுவும் இதில் ஏறக்கூடாது. ரகசியக் காப்பு ஒப்பந்தம் போட்டிருந்தால், ஏஐ கருவியில் அவர்கள் பொருளை இடலாமா என்று முதலில் கிளையன்ட்டிடமே கேட்டுவிடுங்கள்.

இனி ஒரு கிளையன்ட்டை எடுத்துக்கொண்டு பார்ப்போம். க-07 ஒரு பிசியோதெரபி மையம். அவர்களுக்கு மாதம் ஒரு கடிதமும், அவ்வப்போது பயிற்சிக் கையேடுகளும் எழுதுகிறேன். ஒரு கையேட்டில் "இரண்டே வாரத்தில் முதுகுவலி பறந்துபோகும்" என்று ஒரு வரி இருந்தது. மையத்தை நடத்துபவர் அந்த வரியை மட்டும் படமெடுத்து அனுப்பி, "பறந்துபோகும்னு எல்லாம் எழுதாதீங்க. ஒருத்தர் இதைப் படிச்சுட்டு வந்து, மூணு வாரம் ஆச்சு, இன்னும் வலிக்குதேன்னு கேட்கிறார். நான் என்ன பதில் சொல்றது?" என்று எழுதியிருந்தார்.

இதை ஷீட்டில் "மிகைப்படுத்த வேண்டாம்" என்று எழுதியிருந்தால் வீண். நான் எழுதியது இப்படி:

முடிவு: வலி நீங்கும் என்று உறுதி சொல்லும் வினைச்சொல் வேண்டாம் (நீங்கும், மறையும், பறந்துபோகும்). "குறைய உதவும்" என்ற அளவில் நிறுத்தவும். எத்தனை நாளில் என்று காலக்கெடு தர வேண்டாம்.

காரணம்: பலன் ஆளுக்கு ஆள் வேறுபடும், கையேட்டை நம்பி வந்தவர் ஏமாந்தார்.

எல்லை: வாசகருக்குப் போகும் எல்லா எழுத்தும்.

நிலை: நடப்பு.

காரணத்துக்கு ஏன் தனிக் கட்டம் என்று கேட்கலாம். கட்டளை மட்டும் இருந்தால், அந்தக் கட்டளையில் பெயர் சொன்ன சொற்கள்தான் தடைபடும். "பறந்துபோகும்" போய், "முதுகுவலிக்கு விடைகொடுங்கள்" என்று வந்து நிற்கும். சொல் வேறு, தப்பு அதேதான். காரணத்தையும் சேர்த்து ஒட்டிய பிறகு இந்த மாதிரி மாற்று வேடங்கள் வெகுவாகக் குறைந்தன. பட்டியலில் இல்லாத சொல்லையும் அந்தக் காரணமே தடுத்துவிடுகிறது. ஆறு கட்டங்களில் ஒன்றை மட்டும்தான் ஒழுங்காக நிரப்ப நேரம் இருக்கிறது என்றால், காரணத்தை நிரப்புங்கள் என்றே சொல்வேன்.

எல்லைக் கட்டம் அதற்கு அடுத்த முக்கியத்துவம். இதே மையம் "நோயாளி" என்ற சொல் வேண்டாம் என்றது. வருபவர்களில் விளையாட்டு வீரர்கள் உண்டு, அறுவை சிகிச்சை முடிந்து நன்றாகத் தேறியவர்கள் உண்டு; அவர்கள் தங்களை நோயாளி என்று நினைப்பதில்லை. நான் எல்லை எதுவும் குறிக்காமல் ஏற்றிவிட்டேன். சில வாரம் கழித்து, நோயாளிகளை அனுப்பிவைக்கும் மருத்துவர்களுக்கு ஒரு கடிதம் எழுத வேண்டியிருந்தது. வரைவு முழுக்க "உங்களிடமிருந்து எங்களிடம் வரும் நபர்கள்" என்று வந்து, படிக்கவே சங்கடமாக இருந்தது. மருத்துவருக்கு எழுதும்போது "நோயாளி" தான் சரியான சொல். இப்போது எல்லைக் கட்டத்தில் "பொது வாசகருக்கு மட்டும், மருத்துவர் கடிதத்தில் 'நோயாளி' சரி" என்று இருக்கிறது. கிளையன்ட் ஒரு வேலைக்காக மட்டும் சொன்னதை நாம் நிரந்தரச் சட்டமாக்கிவிடுவது ரொம்ப எளிதாக நடந்துவிடுகிறது. சந்தேகமாக இருந்தால் "இந்தக் கையேட்டுக்கு மட்டும்தானா, எல்லாவற்றுக்குமா?" என்று ஒரு வரி கேட்டுவிடுங்கள். யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

மூன்றாம் படி: பழைய முடிவை அழிக்காமல் ஓய்வு கொடுங்கள்

நிலைக் கட்டத்தில் இரண்டே சொற்கள்: நடப்பு, பழையது. முடிவு மாறும்போது பழைய வரிசையை அழிக்காமல் "பழையது" என்று குறித்துவிட்டு, கீழே புதிய வரிசையைச் சேர்க்கிறேன்.

இந்தப் பழக்கம் எனக்கு ஒரு தவறிலிருந்து வந்தது. பயிற்சியை எத்தனை முறை செய்ய வேண்டும் என்ற எண்ணிக்கையைக் கையேட்டில் போட வேண்டாம், அதை நேரில் சொல்லிக்கொள்கிறோம் என்று மையம் தொடக்கத்தில் சொல்லியிருந்தது. ஐந்து மாதம் கழித்து, வீட்டுக்குப் போனதும் எல்லோரும் எண்ணிக்கையை மறந்துவிடுகிறார்கள், ஆகவே போடுங்கள் என்றார்கள். நான் புதிய முடிவைச் சேர்த்தேன். பழையதை அப்படியே விட்டுவிட்டேன். இரண்டும் சேர்ந்து சாட்டுக்குள் போயின. வந்த வரைவில் முதல் பயிற்சிக்கு எண்ணிக்கை இருந்தது. மற்ற மூன்றுக்கும் இல்லை. அவசரத்தில் அதை நான் கவனிக்காமல் அனுப்பிவிட்டேன். கேள்வி கிளையன்ட்டிடமிருந்து வந்தது.

வரைவில் ஒரு விதி ஓரிடத்தில் கடைப்பிடிக்கப்பட்டு இன்னோரிடத்தில் மீறப்பட்டிருந்தால், முதலில் ஷீட்டில் முரண் இருக்கிறதா என்று பாருங்கள். பல நேரம் காரணம் அங்கேதான் இருக்கும்.

பழையதை ஏன் அழிக்கக்கூடாது? "எண்ணிக்கை வேண்டாம்னுதானே சொல்லியிருந்தோம்?" என்று மையத்தில் வேறொருவர் என்றாவது கேட்பார். அன்றைக்குத் தேதியோடு பதில் சொல்ல அந்த வரிசை வேண்டும்.

நான்காம் படி: ஒரு கிளையன்ட்டின் நடப்பு முடிவுகளை மட்டும் பிரித்தெடுங்கள்

ஷீட்டைக் கண்ணால் தேடி, மவுஸால் இழுத்து காப்பி செய்யாதீர்கள். ஒரு வரிசை தவறி அடுத்த கிளையன்ட்டுடையதும் சேர்ந்து வந்துவிடும். அது வெறும் எழுத்துப் பிழையோடு நிற்காது. ஒருவருடைய உள்விஷயம் இன்னொருவருடைய வேலைக்குள் போய்விடும்.

அதே ஃபைலில் "ஒட்டு" என்று இரண்டாவது ஷீட் திறந்து, B1 கட்டத்தில் கிளையன்ட் குறியீட்டை எழுதுங்கள். A3 கட்டத்தில் இதைப் போடுங்கள்:

```
=FILTER("- " & 'முடிவுகள்'!C2:C500
  & " | காரணம்: " & 'முடிவுகள்'!D2:D500
  & " | எல்லை: " & 'முடிவுகள்'!E2:E500,
  ('முடிவுகள்'!A2:A500=B1)*('முடிவுகள்'!F2:F500="நடப்பு"))
```

B1-இல் இருக்கிற குறியீட்டுக்குரிய, நடப்பில் உள்ள முடிவுகள் மட்டும் A3-இலிருந்து கீழ்நோக்கி வரிசையாக இறங்கும். கூகுள் ஷீட்ஸிலும் புதிய எக்செல் பதிப்புகளிலும் இது வேலை செய்யும். முடிவுக்குப் பதில் பிழைச் செய்தி வந்தால், பெரும்பாலும் குறியீட்டில் ஒரு இடைவெளி கூடுதலாக விழுந்திருக்கும், அல்லது "நடப்பு" என்பதில் எழுத்துப் பிழை இருக்கும். நிலைக் கட்டத்துக்கு டிராப்-டவுன் வைத்துவிட்டால் இரண்டாவது பிரச்சினை வராது.

எல்லாவற்றையும் ஒரே கட்டத்தில் சேர்க்க `TEXTJOIN` போடலாமே என்று தோன்றும். நானும் போட்டேன். பல வரிகள் கொண்ட ஒரு கட்டத்தைக் காப்பி செய்து வெளியே ஒட்டும்போது, முழுவதும் இரட்டை மேற்கோள் குறிக்குள் அடைபட்டு வரும். உள்ளே ஏற்கெனவே இருக்கும் மேற்கோள் குறிகள் ஒவ்வொன்றும் இரண்டாகிவிடும். எந்தச் சொல் வேண்டாம் என்று மேற்கோளில் எழுதி வைத்த வரிகள் குழம்பிப்போகும். மேலே உள்ளபடி தனித்தனி வரிசையாக இறக்கிக் காப்பி செய்தால் இந்தத் தொல்லை இல்லை. அதே காரணத்துக்காக, முடிவுக் கட்டத்துக்குள் வரி பிரிக்காமல் ஒரே ஓட்டமாக எழுதுங்கள்.

தேதியையும் ஒட்டில் சேர்க்க விரும்பினால் `TEXT('முடிவுகள்'!B2:B500,"yyyy-mm-dd")` என்று சேருங்கள். நேரடியாக இணைத்தால் எக்செலில் 2025 மார்ச் 5 என்பது 45721 என்ற எண்ணாகப் போய் நிற்கும். நான் தேதியை ஒட்டுவதில்லை. பழையவை வடிகட்டப்பட்டுவிட்டதால் அதற்குத் தேவை இருப்பதில்லை.

ஐந்தாம் படி: ஒட்டும் வரிசை

வெறும் முடிவுகளை மட்டும் ஒட்டினால், அவற்றை வைத்து என்ன செய்ய வேண்டும் என்பது புரியாமல் போகலாம். நான் ஒட்டுவதன் எலும்புக்கூடு இது:

```
கீழே இருப்பவை ஒரு கிளையன்ட் முன்பு எடுத்த முடிவுகள்.
ஒவ்வொன்றையும் அதன் எல்லைக்குள் மட்டும் பின்பற்றவும்.
இன்றைய வேலைக் குறிப்போடு முரண்பட்டால் வேலைக் குறிப்பே செல்லும்;
எங்கே முரண் என்று கடைசியில் குறிப்பிடவும்.

முடிவுகள்:
(இங்கே ஒட்டவும்)

நடைக்கு மாதிரி (சொற்களை எடுக்க வேண்டாம்):
(கிளையன்ட் ஏற்ற 2 பத்திகள்)

இன்றைய வேலை:
(என்ன, யாருக்கு, எவ்வளவு நீளம்)
```

மாதிரிப் பத்திகள்தான் அந்தப் பழைய "நட்பாக" என்ற சொல்லின் இடத்தைப் பிடிப்பவை. கிளையன்ட் எந்தத் திருத்தமும் சொல்லாமல் ஏற்றுக்கொண்ட பத்தியாக இருக்க வேண்டும். ஒன்று போதாது. ஒன்று மட்டும் கொடுத்தால் அதன் தொடக்கமும் முடிப்பும் அப்படியே புதிய வரைவில் எதிரொலிக்கும். என் மையத்துக் கடிதங்கள் தொடர்ந்து இரண்டு மாதம் "காலையில் எழுந்ததும்" என்றே தொடங்கின. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பொருளில் இரண்டு பத்திகள் கொடுத்த பிறகு அது நின்றது.

நீளத்தைப் பற்றி ஒன்று. ஷீட் வளர வளர எல்லாவற்றையும் ஒட்டத் தோன்றும். கருவி அவ்வளவையும் வாங்கிக்கொள்ளும், ஆனால் நீண்ட பட்டியலின் நடுவில் இருப்பவை நழுவிப் போவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒரு கிளையன்ட்டுக்கு 15 வரிகளைத் தாண்டினால், எல்லையைப் பார்த்து இன்றைய வேலைக்குப் பொருந்தாதவற்றை எடுத்துவிடுகிறேன். கையேடு எழுதும் நாளில் மருத்துவர் கடிதம் பற்றிய முடிவு தேவையில்லை.

சில கருவிகளில் முந்தைய சாட்களை நினைவில் வைக்கும் வசதி இருக்கிறது. பல கிளையன்ட்டுகளுக்கு ஒரே கணக்கில் வேலை செய்பவர்கள் அதை அணைத்துவிடுவது நல்லது. ஒருவருக்காகச் சொன்னது இன்னொருவர் வரைவில் எட்டிப்பார்க்கும். எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்கவும் முடியாது.

ஆறாம் படி: ஏற்கெனவே முடிந்த வேலையை வைத்துச் சோதியுங்கள்

கிளையன்ட் ஏற்றுக்கொண்ட ஒரு பழைய வேலையை எடுங்கள், மாதிரியாகக் கொடுக்காத ஒன்றாக. அதன் வேலைக் குறிப்பை மட்டும் ஷீட்டின் ஒட்டோடு சேர்த்துப் புதிய சாட்டில் கொடுத்து வரைவு வாங்குங்கள். பிறகு இரண்டையும் அருகருகே வைத்து, கிளையன்ட்டின் கண்ணால் பேனாவோடு படியுங்கள்.

க-07-க்கு முழங்கால் பயிற்சிக் கையேட்டை வைத்து இதைச் செய்தேன். உறுதிமொழிச் சொற்கள் எதுவும் இல்லை, எண்ணிக்கை நான்கு பயிற்சிகளுக்கும் இருந்தது, "நோயாளி" இல்லை. ஆனால் தலைப்பு "முழங்கால் வலிக்கிறதா?" என்று கேள்வியாக வந்திருந்தது. மையத்துக்குக் கேள்வித் தலைப்பு பிடிக்காது. நான் ஒவ்வொரு முறையும் அதைக் கையால் மாற்றிக்கொண்டே இருந்திருக்கிறேன், ஷீட்டில் ஏற்றியதே இல்லை. தெரிந்த விஷயம் என்பதாலேயே எழுதாமல் விட்டிருந்தேன். அன்றிலிருந்து என் வழக்கம்: ஒரே திருத்தத்தை இரண்டாவது முறை கையால் செய்தால், அந்த நிமிடமே அது ஒரு வரிசையாகிவிட வேண்டும். வேலையை அனுப்பிய பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால் எழுதுவதில்லை.

எதிர்ப்பக்கச் சோதனையும் உண்டு. ஒரு வரியை நீக்கிவிட்டு அதே வேலையை இரண்டு மூன்று முறை புதிதாகக் கேட்டுப் பாருங்கள். எந்த முறையும் அந்த விதி மீறப்படவில்லை என்றால், அந்த வரி அந்த வேலைக்கு எதையும் செய்யவில்லை. "எழுத்துப் பிழை இல்லாமல் எழுதவும்" போன்றவை இப்படித்தான் வெளியேறின.

ஒரு சாட் நீண்டுகொண்டே போனால் தொடக்கத்தில் ஒட்டியதன் பிடி தளரும். ஆச்சரியக்குறி தலைகாட்டுவது, பத்திகள் நீள்வது போன்ற சின்ன அறிகுறிகள் தெரியும்போது அங்கேயே திருத்தி மல்லுக்கட்டாதீர்கள். அதுவரை வந்த நல்ல வரைவை எடுத்துக்கொண்டு புதிய சாட் திறந்து, மறுபடி ஒட்டித் தொடருங்கள். B1-இல் குறியீட்டைப் போட்டுக் காப்பி செய்ய அரை நிமிடம்தான் ஆகும்.

ஏழாம் படி: கிளையன்ட்டிடமே காட்டுங்கள்

இதை நான் தாமதமாகத்தான் செய்தேன். க-07-இன் நடப்பு முடிவுகளை ஒரு பக்கமாக அச்செடுத்து, "உங்கள் முடிவுகளை நான் இப்படிப் புரிந்துகொண்டிருக்கிறேன், சரியா?" என்று மையத்தை நடத்துபவரிடம் கொடுத்தேன். பதினொரு வரிகளில் எட்டை அப்படியே ஏற்றார். ஒன்றை அடித்தார், அது எப்போதோ ஒரு கடிதத்துக்காக மட்டும் சொன்னதாம். இன்னொன்றில் எல்லையைச் சுருக்கினார்.

மூன்றாவதில் முடிவைத் தொடவே இல்லை. கேள்வித் தலைப்பு வேண்டாம் என்ற வரியில், காரணக் கட்டத்தில் நான் "விளம்பரம்போல் தெரிகிறது" என்று யூகித்து எழுதியிருந்தேன். அதைக் கோடிட்டுவிட்டு அவர் பக்கத்தில் எழுதியது: "வலியோட வர்றவங்க கிட்ட வலிக்குதான்னு கேட்கக் கூடாது. என்ன செய்யலாம்னு சொல்லணும்." அந்த வாக்கியத்தை அப்படியே கட்டத்தில் ஏற்றினேன். அதன் பிறகு தலைப்புகள் மட்டும் மாறவில்லை. கடிதத்தின் முதல் பத்தியும் வலியை விவரிப்பதை விட்டுவிட்டு, இன்றைக்குச் செய்யக்கூடிய ஒன்றிலிருந்து தொடங்க ஆரம்பித்தது.